இல்லாத கேபிள் கார் காணொளியில் ஓடியது எப்படி?

2025-ஆம் ஆண்டின் மத்தியில், காணொளியில் கண்ட கேபிள் காரில் ஏறும் ஆவலோடு கோலாலம்பூரிலிருந்து பேராக் மாநிலத்தின் கெரிக் வட்டாரத்துக்குச் சென்ற வயோதிகத் தம்பதியர், அங்கே அப்படியொன்று இல்லையென அறிந்து திகைத்த செய்தியை நீங்களும் படித்திருக்கலாம்.

அக்காணொளியில் தோன்றிய நிருபர், பயணிகள், மலைக்காட்சி யாவும் செயற்கை நுண்ணறிவின் சிருஷ்டி. மூலையில், அதை உருவாக்கிய Veo என்ற கருவியின் முத்திரைகூட இருந்தது. முகத்தை நோக்குபவர் மூலையை நோக்குவாரா?

இத்தகைய கருவி அர்த்தமற்ற புள்ளிக் குழப்பத்தில் தொடங்கி, தான் பயின்ற எண்ணற்ற படங்களின் சாயலுக்கேற்ப அதைச் சிறிது சிறிதாகத் தெளிவாக்குகிறது. புள்ளி வைக்கும் விதியறியாமல், பார்த்த ஞாபகத்தால் மட்டும் சிக்குக்கோலம் இழைப்பவரைப் போன்றது அது: தூரத்தில் அழகு, கிட்டச் சென்றால் எங்கோ ஓர் இழை சேராது.

அந்தச் சேராத இழையைப் பின்னணியில் தேடுங்கள். ஜோகூர்ச் சாலைக் காட்சியென்றால் வாகன எண்பலகையை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். J என்ற எழுத்தில் தொடங்கியது, கார் நகர்ந்ததும் உருமாறுகிறதா? கூட்டத்தில் ஒருவர் மற்றொருவருக்குப் பின்னே சென்று வேறு சட்டையோடு வெளிவருகிறாரா? அக்காலத்து Veo ஒருமுறைக்கு 8 விநாடிகளே தந்ததால், துண்டு துண்டாகக் காட்சி மாறுவதும் ஓர் அடையாளமே.

ஆனால் புதிய கருவிகள் எழுத்துகளைப் பெரும்பாலும் பிழையின்றி எழுதுகின்றன. வாட்ஸ்அப் சுருக்கிய மெய்ப்படமும் மங்கலாகத்தான் தெரியும். ஆகவே குறை காணாதபோதும், காணொளியில் கண்ட இடத்துக்குப் புறப்படுமுன் அவ்வூர் விடுதிக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசி விசாரித்துவிடுங்கள்.