பெயர் மாறினால் மாறாது, எல்லை மாறினால் மாறும்

இந்தியாவின் எண் என்ன என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் 91 என்பார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் புள்ளிவிவர அட்டவணைகளில் அதே கேள்விக்கு விடை 356. கடையில் கார்டைத் தேய்க்கும்போது அந்தச் சின்ன இயந்திரம் வங்கிக்கு அனுப்பும் விவரத்திலும் நாடு 356, நாணயம் 356 என்றுதான் போகிறது. ஆனால் போனில் +356 என்று அழுத்தினால் அழைப்பு மத்தியதரைக் கடலில் இருக்கும் மால்டாவுக்குப் போய்ச் சேரும். மால்டாவின் புள்ளியியல் எண்ணோ 470.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதல்ல. அயர்லாந்தின் புள்ளியியல் எண் 372. +372 என்றால் எஸ்தோனியா. எஸ்தோனியாவின் புள்ளியியல் எண் 233. +233 என்றால் கானா. இரண்டும் மூன்று இலக்கம், இரண்டும் நாட்டைக் குறிப்பவை, ஆனால் ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லை. இவை போதாதென்று IN, IND என்ற எழுத்துக் குறியீடுகள் வேறு. ஒரே நாட்டுக்கு எதற்கு இத்தனை அடையாளம்? ஒவ்வொன்றும் வேறொரு வேலைக்காகப் பிறந்தது என்பதுதான் காரணம்.

தொலைபேசி எண்ணின் வேலை, அழைப்புக்கு வழி காட்டுவது. இணைப்பகம் நீங்கள் அழுத்தும் எண்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படிக்கிறது. 9, அடுத்து 1 என்று வந்ததுமே அது இந்தியா என்று முடிவாகிவிட வேண்டும். அதனால்தான் 910 முதல் 919 வரை எந்த நாட்டுக்கும் குறியீடு கிடையாது. 9, 6 என்று வந்தால் முடிவு செய்ய முடியாது. மூன்றாவது இலக்கம் 0 என்றால் மாலத்தீவு, 1 என்றால் லெபனான். இதில் நாடு என்பது முக்கியமே அல்ல. அமெரிக்கா, கனடா, ஜமைக்கா மூன்றும் +1 என்ற ஒரே குறியீட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. புள்ளியியலில் அவை 840, 124, 388 என்று தனித்தனி. ஒரு குறியீடு காலியானால் அதை வேறு யாருக்காவது கொடுத்தும் விடுவார்கள். கிழக்கு ஜெர்மனியின் +37, அந்த நாடு மறைந்த பிறகு உடைக்கப்பட்டு, 370 லிதுவேனியாவுக்கும் 371 லாத்வியாவுக்கும் 372 எஸ்தோனியாவுக்கும் போனது.

எழுத்துக் குறியீட்டின் வேலை, மனிதர் கண்ணுக்குப் புரிவது. IND என்று பாஸ்போர்ட்டில் பார்த்ததும் இந்தியா என்று தெரிகிறது. அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. எழுத்துகள் பெயரிலிருந்து வருபவை. பெயர் மாறினால் அவையும் பெரும்பாலும் மாறும். 1989இல் பர்மா மியான்மர் ஆனபோது BU போய் MM வந்தது. இன்னொரு சிக்கல், பழைய எழுத்துகள் மறுபடியும் புழக்கத்துக்கு வருவது. CS என்பது செக்கோஸ்லோவாக்கியாவின் குறியீடு. அந்த நாடு 1993இல் இரண்டாகப் பிரிந்தது. பத்து ஆண்டு கழித்து, 2003இல், அதே CS செர்பியா மாண்டினீக்ரோ என்ற வேறொரு நாட்டுக்குக் கொடுக்கப்பட்டது. பழைய கோப்பு ஒன்றில் CS என்று மட்டும் இருந்தால், ஆண்டு தெரியாமல் அது எந்த நாடு என்று சொல்ல முடியாது. எண்ணில் எழுதியிருந்தால் சந்தேகமே இல்லை: முதலாவது 200, இரண்டாவது 891.

இந்த மூன்று இலக்க எண்களை வகுத்தது ஐ.நா.வின் புள்ளியியல் பிரிவு. அதன் வெளியீட்டு வரிசையில் எம் பிரிவின் 49ஆம் ஏடாக வந்ததால் இன்றும் இதற்கு எம்49 என்றே பெயர். ஐ.எஸ்.ஓ. 3166 என்ற உலகத் தரம் 1974இல் எழுத்துக் குறியீடுகளோடு வந்தது, ஐ.நா.வின் எண்களையும் 1981இல் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

எண் கொடுத்த முறை எளிமையானது. நாடுகளை ஆங்கில அகரவரிசையில் நிறுத்தி, பெரும்பாலும் நான்கு நான்காக இடைவெளி விட்டு எண்ணினார்கள். ஆப்கானிஸ்தான் 004, அல்பேனியா 008, அல்ஜீரியா 012. இடையில் விட்ட எண்கள் பின்னால் வரும் நாடுகளுக்கு. கோஸ்டாரிகா 188, கியூபா 192 என்று இருந்த இடத்தில், யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த குரோவேஷியா 191ஆக வந்து அமர்ந்தது.

அகரவரிசையில் கொடுத்த எண் என்றால், இலங்கை எங்கே இருக்க வேண்டும்? ஸ்பெயினின் 724ஐ ஒட்டி. ஆனால் இலங்கையின் எண் 144. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு 140, சாட் 148, இரண்டுக்கும் நடுவில். காரணம், எண் கொடுத்தபோது அந்தத் தீவின் பெயர் சிலோன். 1972இல் பெயர் ஸ்ரீலங்கா என்று மாறியது. எண்ணை யாரும் தொடவில்லை. பர்மாவும் அப்படித்தான். மியான்மர் ஆன பிறகும் பல்கேரியாவின் 100க்கும் புருண்டியின் 108க்கும் இடையில், 104இல் இன்றும் இருக்கிறது.

பெயர் மாறியும் எண் மாறாததற்குக் காரணம், அந்த எண் பெயருக்கு உரியதல்ல, நிலப்பரப்புக்கு உரியது. நம் ஊர் சர்வே எண்ணைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். நிலம் கைமாறினால் பட்டாவில் பெயர்தான் மாறும். நிலத்தைப் பிரித்து விற்றால் உட்பிரிவு விழும்.

இதைத் தெளிவாகக் காட்டுவது ஜெர்மனி. 1990 அக்டோபர் 3 அன்று கிழக்கும் மேற்கும் இணைந்தன. மேற்கு ஜெர்மனியின் எழுத்துக் குறியீடு DE, இணைந்த நாட்டுக்கும் DE. தொலைபேசிக்கு மேற்கின் +49 முழு நாட்டுக்கும் ஆனது. இரண்டையும் மட்டும் பார்த்தால் மேற்கு ஜெர்மனிக்கு எதுவுமே நடக்கவில்லை என்று தோன்றும். புள்ளியியல் எண் அப்படி விடவில்லை. மேற்கு 280, கிழக்கு 278. இரண்டையும் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டு, இணைந்த நாட்டுக்கு 276 என்ற புதிய எண் தந்தது.

இதனால் என்ன பயன்? சூடானை எடுத்துக்கொள்வோம். 2011 ஜூலை 9 அன்று தெற்கு சூடான் தனி நாடானது. அதற்கு முன் 2008இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒன்றுபட்ட சூடானில் ஏறத்தாழ 3 கோடியே 91 லட்சம் பேர். அவர்களில் சுமார் 83 லட்சம் பேர் தெற்கில். தெற்கின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டிவிட்டார்கள் என்று அங்குள்ள தலைவர்கள் அப்போதே மறுத்தார்கள். அது எப்படியானாலும், நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு மக்கள் பிரிந்து போனார்கள். எண்ணெய் உற்பத்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கும் அவர்களோடு போனது.

சூடானின் எழுத்துக் குறியீடு SDN. பிரிவினைக்கு முன்பும் அதுதான், பின்பும் அதுதான். ஒருவர் 2005 முதல் 2015 வரையிலான வரிகளை SDN என்று வடிகட்டி ஒரு வரைபடம் போடுகிறார் என்று வையுங்கள். மக்கள்தொகைக் கோடு 2011ஐ ஒட்டிச் சட்டென்று கீழே விழும். எண்ணெய்க் கோடு அதைவிடப் பள்ளத்தில் இறங்கும். பஞ்சமா, போரா, நிர்வாகச் சீர்கேடா என்று அவர் விளக்கம் தேடத் தொடங்குவார். வடக்கில் இருந்தவர்கள் இருந்த இடத்தில்தான் இருக்கிறார்கள், மாறியது எல்லைக்கோடு.

புள்ளியியல் எண்ணை வைத்து வடிகட்டியிருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது. பழைய சூடானின் எண் 736. பிரிவினைக்குப் பின் அது நின்றுபோகிறது. புதிய சூடானுக்கு 729, தெற்கு சூடானுக்கு 728. 736 என்று தேடுபவருக்கு 2011உடன் வரிகள் முடிந்துவிடும். ஏன் முடிந்தது என்று அவர் கேட்டே ஆக வேண்டும். நீண்ட காலத்தை ஒப்பிட வேண்டுமானால், 2011க்கு முன் 736ஐயும், அதற்குப் பின் 728, 729 இரண்டின் கூட்டுத்தொகையையும் எடுக்க வேண்டும். அப்போதுதான் ஒரே நிலத்தை ஒரே நிலத்தோடு ஒப்பிடுகிறோம். சில நிறுவனங்கள் பழைய ஆண்டுகளையும் புதிய எல்லைக்கு ஏற்பத் திரும்பக் கணக்கிட்டு வெளியிடுவதும் உண்டு. எனவே அட்டவணையின் அடிக்குறிப்பைப் படிக்காமல் கூட்டத் தொடங்கக் கூடாது.

எண்ணிலும் தொல்லைகள் உண்டு. முதலாவது, முன்னால் நிற்கும் பூஜ்ஜியம். ஆஸ்திரேலியாவின் எண் 036. எக்செலில் கோப்பைத் திறந்ததும் அது வெறும் 36 ஆகிவிடும். வேறு அட்டவணையின் 036ஓடு அது பொருந்தாது. சேர்த்த அட்டவணையில் ஆஸ்திரேலியாவும் வங்கதேசமும் (050) ஆப்கானிஸ்தானும் காணாமல் போய், மற்ற நாடுகள் சரியாக இருந்தால், குற்றவாளி இந்தப் பூஜ்ஜியம்தான். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு இதைத் தடுக்கத் தன் கோப்புகளில் `'036` என்று முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டே தருகிறது. நாமும் அந்தப் பத்தியை எண்ணாக அல்லாமல் எழுத்தாகத் திறப்பதே வழி.

இரண்டாவது, எல்லா எண்ணும் நாடல்ல. 001 உலகம், 142 ஆசியா, 034 தெற்காசியா. போனில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் எப்போதாவது `es-419` என்று கண்ணில் பட்டிருக்கலாம். அந்த 419, லத்தீன் அமெரிக்காவும் கரீபியனும் சேர்ந்த பகுதியின் எண். ஒரே பத்தியில் 142, 034, 356 மூன்றும் இருக்க, கீழே கூட்டுத்தொகை போட்டால் இந்தியாவை மூன்று தடவை எண்ணியதாகும்.

மூன்றாவது தொல்லை நம் நாட்டைப் பற்றியது. ஏற்றுமதி இறக்குமதி விவரங்களைத் திரட்டும் ஐ.நா.வின் காம்ட்ரேட் தளத்தில் இந்தியாவின் எண் 356 அல்ல, 699. அங்கே 356 என்பது சிக்கிம் நீங்கலான இந்தியா. சிக்கிம் 1975இல் இந்தியாவின் மாநிலமானதால், அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு மட்டுமே அது பொருந்தும். அமெரிக்காவும் அங்கே 840 அல்ல, 842. புவேர்ட்டோ ரிக்கோவையும் அமெரிக்க வர்ஜின் தீவுகளையும் சேர்த்துச் சுங்கக் கணக்கு எழுதுவதால். மொனாக்கோவைச் சேர்த்த பிரான்ஸ் 250 அல்ல, 251. எந்த நிலத்தைச் சேர்த்து எண்ணினோம் என்பதை எண்ணிலேயே சொல்லிவிட வேண்டும் என்ற அதே விதியைத்தான் காம்ட்ரேட் சுங்க எல்லைக்குப் பொருத்தியிருக்கிறது. அது தெரியாமல் 356 என்று கொடுத்து அண்மை ஆண்டின் இந்திய ஏற்றுமதியைத் தேடுபவருக்கு வெற்று அட்டவணைதான் கிடைக்கும். கணக்கு அங்கேயே, 699இல் இருக்கும்.