சோர்ஸ் மாற்றினால் திரை ஏன் கறுக்கிறது?

அம்பத்தூரில் ஒரு வீட்டு ஹாலை எடுத்துக்கொள்வோம். கேபிள் செட்டாப் பாக்ஸும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கும் ஏ.வி. ரிசீவரில் செருகியிருக்கின்றன. அங்கிருந்து ஒரே ஒரு ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் டிவிக்குப் போகிறது. கிரிக்கெட்டை விட்டுப் படத்துக்கு மாற்றினால் நாலைந்து வினாடி திரை கறுத்துவிடுகிறது. உடனே மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதில்லை.

சோர்ஸை மாற்றியதும் ஸ்டிக் முதலில், எதிரே இருக்கும் கருவிகள் என்னென்ன படம், என்னென்ன ஒலி ஏற்கும் என்ற பட்டியலைப் படிக்கிறது. அடுத்து, திருட்டுப் பதிவைத் தடுக்கும் ஹெச்.டி.சி.பி. பூட்டுக்கான சாவிப் பரிமாற்றம். டிவியில் நேராகச் செருகினால் இது இரண்டு பேர் சமாச்சாரம். நடுவில் ரிசீவர் வந்தால், அது டிவியோடு பேசி முடித்து, டிவியின் அடையாளத்தையும் ஸ்டிக்கிடம் ஒப்படைக்க வேண்டும். இதற்குப் பழைய ஹெச்.டி.சி.பி. 1 வரிசை 5 வினாடிவரையும், 2.2 பதிப்பு 3 வினாடிவரையும் அவகாசம் தருகின்றன.

கடைசியில் டிவியின் முறை. நம்மூர் ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ். ஸ்டிக் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸில், ஹெச்.டி.ஆரோடு அனுப்பும். இந்த மாற்றத்துக்கு டிவி புதிதாகத் தன்னை ஒத்திசைத்துக்கொள்ளும்வரை திரை இருட்டுதான்.

தாமதம் எங்கே என்று காது சொல்லிவிடும். ஒலியும் அதே பூட்டுக்குள்தான் வருகிறது. எனவே படத்துக்கு முன்பே வசனம் கேட்டால் ஸ்டிக்கும் ரிசீவரும் பேசி முடித்தாயிற்று, பிந்துவது டிவி பக்கம். இரண்டும் சேர்ந்தே பிந்தினால் சாவிப் பரிமாற்றத்தைச் சந்தேகிக்கலாம். அதில் நாம் கைவைக்க முடிவது குறைவு. ரிசீவரின் மென்பொருளைப் புதுப்பித்துப் பார்க்கலாம்.

டிவி பக்கத் தாமதத்தைத்தான் நிஜமாகக் குறைக்க முடியும். செட்டாப் பாக்ஸில் ஒவ்வொரு சேனலுக்கும் தெளிவுத்திறன் மாறும்படி இருந்தால், 1080p என்று நிலையாக வையுங்கள். சேனல் மாற்றும்போது தெளிவுத்திறன் மாறுவதால் வரும் இருட்டும் இதில் போய்விடும். ஸ்டிக்கில் Match Original Frame Rate அமைப்பை அணைத்தால் படத்துக்குப் படம் வேகம் மாறாது. ஆனால் 24 ஃபிரேம் சினிமாவில் கேமரா பக்கவாட்டில் நகரும்போது லேசான தடுமாற்றம் தெரியும். எனக்கு அது உறுத்தும், அதனால் இருட்டையே பொறுத்துக்கொள்வேன். 50 ஹெர்ட்ஸ் தேர்வு தரும் ஸ்டிக் என்றால் கிரிக்கெட் பார்க்கும் வீட்டுக்கு அது பொருந்தும்.

ரிசீவரே எல்லாவற்றையும் 4கே ஆக்கட்டும் என்று விடுபவர்கள் உண்டு. பொதுவாக அது தெளிவுத்திறனை உயர்த்துமே தவிர 50-ஐ 60 ஆக்காது; டிவி மறுபடி ஒத்திசைத்தாக வேண்டும். ஹெச்.டி.எம்.ஐ. 2.1-இல் வந்த QMS வசதியும், ஒரே சோர்ஸுக்குள் ஃபிரேம் வேகம் மாறும்போது வரும் இருட்டைத்தான் நீக்கும். ஒரு சோர்ஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது சாவிப் பரிமாற்றம் வழக்கம்போல நடக்கும்.