ஒரே தேடலுக்கு இரண்டு வீடியோக்கள்

ஒரு சமையல் சேனலில் 'இட்லி மாவு அரைப்பது எப்படி' என்ற தலைப்பில் இரண்டு வீடியோக்கள் இருந்தால், அதைத் தேடுவோரின் பார்வைகள் இரண்டுக்கும் பிரிந்துபோகலாம். இதைக் கண்டறிய, யூடியூப் ஸ்டுடியோவில் ஒவ்வொரு வீடியோவின் அனலிட்டிக்ஸிலும் 'YouTube search' பகுதியைத் திறந்து, தேடல் சொற்களை ஒப்பிட வேண்டும். இரண்டிலும் ஒரே சொற்றொடர் முன்னணியில் நின்றால், அவை ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன எனலாம்.

பார்வையாளர்கள் அதிக நேரம் பார்க்கும் வீடியோவுக்கே அந்தத் தலைப்பை விட்டுவிடலாம். மற்றதில் கிரைண்டருக்குப் பதில் மிக்ஸியில் அரைத்துக் காட்டியிருந்தால், 'மிக்ஸியில் இட்லி மாவு' என்று தலைப்பை மாற்றி, தம்ப்நெயிலையும் விளக்கக் குறிப்பையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். வீடியோவை நீக்கினால் அதன் கருத்துகளும் இணைப்புகளும் போய்விடும். இரண்டும் ஒரே செய்முறையைத்தான் காட்டுகின்றன என்றால், பலவீனமானதை 'Unlisted' ஆக்கினால் அது தேடலில் வராது.