ரெஃபரல் கேட்டு எழுதும் முதல் செய்தி

ஒரு நிறுவனத்தின் ஊழியர், அங்குள்ள காலியிடத்துக்கு வெளியிலிருக்கும் ஒருவரின் பெயரைக் கொடுப்பதற்கு ரெஃபரல் என்று பெயர். இதைச் சிபாரிசு என்று சொன்னால் பொருள் திரிந்துவிடும். சிபாரிசு என்றால் வேலையே கைக்கு வந்துவிட்டதாக நம் ஊரில் நினைப்பு உண்டு. ரெஃபரலோ, குவிந்து கிடக்கும் விண்ணப்பங்களுக்கு நடுவே ஒரு ரெஸ்யூமை எச்.ஆர். கண்ணில் படவைப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடும். தேர்வும் நேர்காணலும் மற்றவர்களுக்குப் போலத்தான்.

முன்பின் பழகாத சீனியர் இதற்கு ஏன் உதவ வேண்டும் என்ற தயக்கம் இயல்பானது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரை இதே கேள்வியைத் தொட்டது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்ப்பவரோ, அபூர்வமாகப் பார்ப்பவரோதான் வழி காட்டியிருந்தார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்த காலியிடம் நமக்கும் தெரிந்திருக்கும். தள்ளி இருப்பவருக்குத்தான் வேறு உலகம் தெரியும். ஒரே கல்லூரி என்பது அப்படியொரு மெல்லிய இழை.

செய்தி எழுதுமுன் சீனியரின் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அவர் நிறுவனத்தின் உள்தளத்தில் குறிப்பிட்ட காலியிடத்தைத் தேடி எடுத்து, விண்ணப்பிப்பவரின் பெயர், மின்னஞ்சல், ரெஸ்யூம் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். ‘இவரை எப்படித் தெரியும், ஏன் பொருத்தமானவர்?’ என்ற கேள்வியும் பல இடங்களில் வரும். அதற்கு அவர் பொய் சொல்லாமல் இரண்டு வரி எழுத முடிய வேண்டும். ரெஃபர் செய்யப்பட்டவர் வேலையில் சேர்ந்தால் ஊக்கத்தொகை தரும் நிறுவனங்கள் உண்டு. ஆகவே கேட்பது யாசகம் ஆகாது. ஆனால் பொருந்தாத ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தால் அவர் பேச்சுக்கு அலுவலகத்தில் மதிப்புக் குறையும்.

கோவையில் 2024இல் கணினி அறிவியல் முடித்த ஒரு மாணவி, சென்னை மென்பொருள் நிறுவனம் ஒன்றிலுள்ள சீனியருக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ‘நானும் உங்கள் கல்லூரிதான். உங்கள் கம்பெனியில் ஏதாவது வேலை இருந்தால் ரெஃபர் பண்ணுங்கள், ப்ளீஸ்’ என்று எழுதினால், இடம் தேடுவது முதல் ரெஸ்யூம் கேட்டு வாங்குவது வரை எல்லா வேலையும் சீனியர் தலையில் விழுகிறது. பதில் வராததற்குக் காரணம் பெரும்பாலும் திமிர் அல்ல, இந்தச் சுமைதான். அவர் இப்படி எழுதலாம்:

‘வணக்கம் அக்கா. நம் கல்லூரியில் 2024 சி.எஸ். பேட்ச். உங்கள் சென்னை அலுவலகத்தில் பேக்எண்ட் டெவலப்பர் இடம் இருப்பதைப் பார்த்தேன். ஜாப் ஐடியும் லிங்க்கும் கீழே. அவர்கள் கேட்கும் ஜாவாவில் மருந்துக்கடைகளுக்கு ஒரு பில்லிங் புரோகிராம் எழுதினேன். மூன்று கடைகளில் ஓடுகிறது. ரெஸ்யூம் இணைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு, பொருத்தம் என்று பட்டால் மட்டும் ரெஃபர் செய்ய முடியுமா? இன்னும் விண்ணப்பிக்கவில்லை.’

படிவத்தில் அக்கா எழுத வேண்டிய இரண்டு வரி இதற்குள்ளேயே இருக்கிறது. ‘பொருத்தம் என்று பட்டால்’ என்ற சொற்கள், மறுக்க விரும்பினால் மனம் நோகாமல் மறுக்க இடம் கொடுக்கின்றன. கடைசி வரிதான் பலர் விட்டுவிடுவது. நேரடியாக விண்ணப்பித்துவிட்டவரைப் பின்னர் ரெஃபரலாக ஏற்காத நிறுவனங்கள் நிறைய. கேட்டுவிட்டு, பதிலுக்குப் பொறுத்திருந்து, பிறகு விண்ணப்பிப்பதே சரியான வரிசை; கடைசித் தேதி நெருங்கிவிட்டால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

லிங்க்ட்இன் தளத்தில் கல்லூரியின் பக்கத்துக்குப் போனால் முன்னாள் மாணவர்களை நிறுவன வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். அதே துறையில் இரண்டு முதல் ஆறு ஆண்டு மூத்தவரே நல்ல தேர்வு; மேலதிகாரிகளுக்கு இப்படிப்பட்ட செய்திகள் குவியும். இணைப்புக் கோரிக்கையோடு மேலே உள்ளதைப் போல நீளமாக எழுத அந்தத் தளம் இடம் தராது. அதில் கல்லூரி, பேட்ச், பதவியின் பெயர் மூன்றையும் சொன்னால் போதும். அவர் ஏற்றதும் முழுச் செய்தியை அனுப்பலாம்.

ஒரே நிறுவனத்தில் பத்துப் பேருக்கு ஒரே நாளில் அனுப்புவது கெடுதல். இருவர் ஒரே பெயரை ஏற்றினால் பொதுவாக முதலில் ஏற்றியதே செல்லும். மற்றவருக்கு வீண் வேலை, மனக்கசப்பும் மிஞ்சும். ஒருவரிடம் கேட்டு ஒரு வாரம் பொறுத்து, ஒருமுறை நினைவூட்டி, பதில் இல்லையென்றால் அடுத்தவரிடம் போகலாம். ரெஃபரலுக்குப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் அங்கேயே விலகிவிட வேண்டும்.

ரெஃபர் செய்தவருக்கு முடிவு என்ன ஆனது என்பது பல சமயம் தெரிய வராது. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவருக்கு ஒரு வரி எழுதிச் சொல்லுங்கள்.