டிவி சத்தத்தை ஒரே நேரத்தில் 2 புளூடூத் ஸ்பீக்கரில் கேட்க முடியுமா?

பாட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம். "என்னதான் பேசுறாங்க, ஒண்ணும் கேக்கலையே" என்று சீரியல் நேரத்தில் புலம்புவார். பேரன் தன்னுடைய புளூடூத் ஸ்பீக்கரை டிவியோடு இணைத்து அவர் நாற்காலி பக்கத்தில் வைத்தான். பாட்டிக்குத் தெளிவாகக் கேட்டது. ஆனால், டிவியின் சொந்த ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. ஹாலின் மறுகோடியில் உட்காரும் அப்பாவுக்காக இரண்டாவது ஸ்பீக்கர் வாங்கி இணைத்ததும், பாட்டி பக்கம் இருந்தது நின்றுபோனது. ஸ்பீக்கர் பழுதா?

இல்லை. பெரும்பாலான டிவிகள் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

முதலில், ஒரு ஸ்பீக்கரை இணைக்கும் முறை. அந்த ஸ்பீக்கர் ஏற்கெனவே போனோடு இணைந்திருந்தால், போனில் புளூடூத்தை அணைத்துவிட வேண்டும். டிவியின் பட்டியலில் ஸ்பீக்கரின் பெயரே வராமல் போவதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். பிறகு ஸ்பீக்கரின் புளூடூத் பட்டனை விளக்கு மினுக்கும் வரை அழுத்த வேண்டும். சாம்சங் டிவியில் Sound Output பகுதியில் உள்ள Bluetooth Speaker List, கூகுள் டிவியில் Remotes & Accessories ஆகிய இடங்களில் தேடினால் பெயர் தெரியும். சில டிவிகளில் புளூடூத் இருந்தாலும் அது ரிமோட்டுக்கு மட்டும்தான். சத்தத்தை வெளியே அனுப்பாது.

இரண்டாவது ஸ்பீக்கரில்தான் சிக்கல். இரண்டையும் டிவி நினைவில் வைத்துக்கொள்ளும். சில டிவிகளில் இரண்டுமே Connected என்றுகூடக் காட்டும். ஆனால் சத்தம் ஒன்றில்தான் வரும். வழக்கமான புளூடூத்தில் ஒலியை அனுப்பும் ஏ2டிபி என்ற முறை, ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கு ஒரே ஓட்டமாக அனுப்பவே வடிவமைக்கப்பட்டது. இரண்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால், டிவி இரண்டு தனி ஓட்டங்களை அனுப்பி, இரண்டும் ஒரே நொடியில் ஒலிக்கும்படியும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வசதியைச் சேர்த்துள்ள டிவிகள் சிலவே.

அப்படியானால் வழி? டிவியை விட்டுவிட்டு, ஸ்பீக்கர்களை ஒன்றோடொன்று சேர்ப்பது. டிவி ஒரு ஸ்பீக்கரோடு மட்டும் பேசும். அது வாங்கிய ஒலியை மற்றதற்குக் கடத்தும். ஆனால் இந்தக் கூட்டணி ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. ஒரே நிறுவனத்துக்குள்ளும் மாறும். உதாரணமாக, ஜேபிஎல் பிளிப் 5, பிளிப் 6 இரண்டிலும் 'பார்ட்டிபூஸ்ட்' இருக்கிறது, அதனால் சேரும். புதிய பிளிப் 7-ல் இருப்பது 'ஆராகாஸ்ட்'. எனவே பழைய பிளிப் 6-க்குத் துணையாகப் பிளிப் 7 வாங்கினால் இரண்டும் சேராது. இடது, வலது என்று ஸ்டீரியோவாகப் பிரித்துக் கேட்க வேண்டுமானால் இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும். பாட்டி, அப்பா கதைக்கு ஸ்டீரியோ தேவையே இல்லை. இரண்டிலும் ஒரே சத்தம் வந்தால் போதும்.

சேர்த்த பிறகு இன்னொரு தொல்லை தலைகாட்டலாம்: வாய் முதலில் அசையும், பேச்சு பின்னால் வரும். புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரிக்க 150 முதல் 250 மில்லிநொடி வரை சாதாரணமாகவே ஆகும். பேச்சு சுமார் 125 மில்லிநொடி பிந்தினாலே பார்ப்பவர்கள் கவனித்துவிடுவார்கள். முதல் ஸ்பீக்கர் இரண்டாவதற்காகக் காத்திருப்பதால் தாமதம் மேலும் கூடும்.

ஸ்பீக்கர் மீது பழிபோடும் முன் ஒரு சோதனை. டிவியிலேயே உள்ள யூடியூபில் செய்தி வாசிப்பவரின் உதட்டைப் பாருங்கள். பிறகு செட்டாப் பாக்ஸில் ஒரு செய்திச் சேனலைப் பாருங்கள். யூடியூபில் சரியாக இருந்து, செட்டாப் பாக்ஸில் மட்டும் பிந்தினால் ஸ்பீக்கரில் குறையில்லை. டிவிக்குள் ஓடும் செயலி தாமதத்தைத் தெரிந்துகொண்டு படத்தைச் சற்று நிறுத்திப் பிடிக்க முடியும். வெளியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்துக்கு அந்த வசதி பெரும்பாலும் கிடைக்காது. டிவி அமைப்பில் உள்ள ஒலித் தாமத அளவைக் கூட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. பல டிவிகளில் அது சத்தத்தை இன்னும் பின்னுக்குத்தான் தள்ளும். அதைப் பூஜ்ஜியத்தில் வைப்பதே நல்லது.

டிவியில் ஒலி அனுப்பும் புளூடூத்தே இல்லையென்றால், ஹெட்போன் துளையிலோ ஆப்டிகல் துளையிலோ செருகும் டிரான்ஸ்மிட்டர் உதவும். இரண்டு ஸ்பீக்கருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர்களும் கிடைக்கின்றன. அதில் வெவ்வேறு நிறுவன ஸ்பீக்கர்களைக்கூட இணைக்கலாம்; ஒன்று முந்தி, ஒன்று பிந்தி லேசான எதிரொலி கேட்கக்கூடும். ஆப்டிகல் வழியாக இணைத்துச் சத்தமே வராவிட்டால், டிவியின் டிஜிட்டல் ஒலி அமைப்பை PCM என்று மாற்றிப் பாருங்கள். டால்பி ஒலியைப் பல டிரான்ஸ்மிட்டர்களால் படிக்க முடியாது.

அந்த வீட்டில் முதல் ஸ்பீக்கர் பிளிப் 6 என்றால், கடையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இதுல பார்ட்டிபூஸ்ட் இருக்கா?"