500 இலை சொல்லி 400 பேர் வந்தால்... கேட்டரிங் பில்லில் எவ்வளவு குறையும்?

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் பெரும்பாலும் அந்த போன் போகும். “அண்ணே, ரிசப்ஷனுக்கு ஒரு நூறு இலை குறைச்சுக்கலாமா? அதே நாள்ல சொந்தத்துல இன்னும் ரெண்டு கல்யாணமாம்.” கேட்டரிங்காரர் முடியாது என்று சொல்ல மாட்டார். “பார்த்துக்கலாம் சார்” என்பார். அந்த ‘பார்த்துக்கலாம்’தான் பில் செட்டில் பண்ணும்போது சண்டையாகிறது.

இலைக்கு 400 ரூபாய் பேசியிருக்கிறோம், நூறு இலை குறைந்தால் 40,000 ரூபாய் குறைய வேண்டும் என்பது கல்யாண வீட்டார் கணக்கு. கேட்டரிங்காரருக்கோ அன்றைய செலவில் 40,000 ரூபாய் குறைவதே இல்லை. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. இலை ரேட் என்பது மொத்தச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் வசதி, அவ்வளவுதான். ஒருவர் வரவில்லை என்பதால் அவர் பங்குச் செலவு மொத்தமும் மறைந்துவிடாது.

அந்த 400 ரூபாய்க்குள் என்ன இருக்கிறது?

சென்னையில் 500 இலைக்குப் பேசிய ஒரு ரிசப்ஷன் டின்னரை எடுத்துக்கொள்வோம். ரேட் ஊருக்கு ஊர், மெனுவுக்கு மெனு மாறும்; இது புரிவதற்காக ஒரு கணக்கு. 400 ரூபாயில் மளிகை, காய்கறி, பால், ஸ்வீட் எல்லாம் சேர்த்து 200. மாஸ்டர், உதவியாளர்கள், பரிமாறுபவர்கள், பாத்திரம் தேய்ப்பவர்கள் கூலி 90. கேஸ், வண்டி, பாத்திர வாடகை 40. வாழை இலை, தண்ணீர் பாட்டில் 20. மிச்சம் 50 ரூபாய் லாபம். அதாவது 2 லட்சம் ரூபாய் பில்லில் 1,75,000 செலவு, 25,000 லாபம்.

இப்போது இரண்டு நாள் முன்பு 400 இலை போதும் என்று சொல்கிறார்கள். பரிமாறுகிற ஆட்களுக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. முகூர்த்த நாளில் ஆள் கிடைப்பதே கஷ்டம். நாலு பேரை வேண்டாம் என்று அனுப்பினால் அடுத்த முறை அவர்கள் வர மாட்டார்கள். வண்டி வாடகையும் பாத்திர வாடகையும் அப்படியே நிற்கும். குறைவது காய்கறி, பால், இலை, தண்ணீர். காய்கறியை முந்தைய நாள் இரவுதான் கோயம்பேட்டில் எடுப்பார்கள் என்பதால் அதைக் குறைத்து வாங்கலாம். பருப்பும் எண்ணெயும் அடுத்த ஆர்டருக்குப் போகும். ஆனால் ஜாங்கிரி, மிக்ஸர் மாதிரி முன்கூட்டியே செய்து வைத்தவை திரும்ப வராது. எல்லாம் கூட்டினால் இலைக்கு 150 ரூபாய் மிச்சப்படலாம். நூறு இலைக்கு 15,000.

அப்போது அவர் செலவு 1,60,000. நேரடியாக 400 பெருக்கல் 400 என்று பில் போட்டால் வரவும் அதே 1,60,000. மூன்று நாள் உழைத்ததற்குக் கையில் ஒன்றும் நிற்காது.

இதே தகவல் ரிசப்ஷன் அன்று மதியம் போனால் இன்னும் மோசம். காய் நறுக்கியாகிவிட்டது, பால் வந்துவிட்டது, குருமாவுக்கு அரைத்தாகிவிட்டது. மிச்சப்படுவது கொஞ்சம் அரிசி, இலை, திறக்காத தண்ணீர் பெட்டி. நூறு இலைக்கு 4,000 ரூபாய் தேறினால் பெரிசு. அன்று 400 இலைக்கு மட்டும் காசு வாங்கினால் அவருக்கு 11,000 ரூபாய் கைநஷ்டம். அதை அவர் எங்கே ஈடுகட்டுவார் என்று யோசித்தால், கடைசிப் பந்தியில் பாயசம் ஏன் தண்ணியாக வருகிறது என்பது புரியும்.

இதற்காகத்தான் ‘மினிமம் கேரண்டி’. எத்தனை பேர் வந்தாலும் இத்தனை இலைக்குக் காசு உறுதி என்று முன்பே ஒத்துக்கொள்கிற எண் அது. இங்கேதான் நிறைய குடும்பங்கள் சறுக்குகின்றன. 300 இலைக்கு 440, 500 இலைக்கு 400 என்று கேட்டரிங்காரர் சொன்னதும், ரேட் குறைகிறதே என்று 500-ஐ கேரண்டியாகக் கொடுத்துவிடுவார்கள். வந்தது 420 பேர் என்றால், 80 இலைக்கு 32,000 ரூபாய் சும்மா போகும்.

எதிர்பார்க்கும் எண்ணும் கேரண்டி எண்ணும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. 500 பேரை எதிர்பார்த்தால் 440 அல்லது 450-ஐ கேரண்டியாகப் பேசி, 500 வரை தயாராக இருக்கச் சொல்லலாம். இலைக்குப் பத்து ரூபாய் கூடக் கேட்டாலும் 450 இலைக்கு 4,500 ரூபாய்தான். அதோடு, எண்ணைக் கடைசியாக மாற்றும் நாள் எது, அதற்குப் பிறகு குறைத்தால் இலைக்கு எவ்வளவு கழிப்பார் என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். மேலே சொன்ன கணக்கில் ‘இரண்டு நாள் முன்பு சொன்னால் இலைக்கு 150 கழிவு’ என்று எழுதியிருந்தால் பில் 1,85,000. வீட்டாருக்கு 15,000 மிச்சம், அவருடைய 25,000 லாபமும் பத்திரம்.

கூட்டம் கூடினால்?

560 பேர் வந்துவிட்டார்கள் என்றால் முதலில் தீர்வது சோறும் சாம்பாரும் இல்லை. சோறு அரை மணி நேரத்தில் வடித்துவிடலாம், ரசத்தை நீட்டலாம், பொரியலை ஒரு கரண்டி குறைத்து வைக்கலாம். காலை வாருவது எண்ணி வைக்கிற ஐட்டங்கள்: ஸ்வீட், வடை, பூரி, ஐஸ்கிரீம் கப். உளுந்தை ஊறவைத்து அரைத்து எடுப்பதற்குள் பந்தி முடிந்துவிடும். பொதுவாக 5 முதல் 10 சதவீதம் கூடுதலாகச் செய்து வைப்பது வழக்கம். எந்தெந்த ஐட்டத்தில் என்று கேட்டுக்கொள்வது நல்லது. “எல்லாமே கூடத்தான் சார் இருக்கும்” என்று பதில் வந்தால் ஸ்வீட் எத்தனை பீஸ் என்று திரும்பக் கேளுங்கள்.

கூடுதல் இலைக்கு ரேட் என்ன என்பதும் முன்பே பேச வேண்டிய விஷயம். ஆள் கூலியும் வண்டியும் ஏற்கெனவே 500-க்குள் அடங்கிவிட்டதால், பத்து சதவீதம் வரை அதே ரேட் கேட்பது நியாயம். அதற்கு மேல் போனால் அவசரத்துக்கு வெளியே வாங்க வேண்டிவரும். அவர் கூடக் கேட்டால் தப்பில்லை.

கடைசியாக, வந்தது எத்தனை இலை என்பதை யார் எண்ணுவது? கட்டிலிருந்து எடுத்த இலையில் மிச்சத்தைக் கழித்தால் கிடைப்பது கேட்டரிங்காரர் கணக்கு. இதில் கிழிந்த இலை, பரிமாறுகிற ஆட்களே சாப்பிட்ட இலை எல்லாம் சேர்ந்துவிடும். நாற்காலி கணக்கு இன்னும் தெளிவு. 150 பேர் உட்காரும் ஹாலில் மூன்று பந்தி நிரம்பி, நாலாவதில் 50 பேர் உட்கார்ந்தால் 500. இலைக் கணக்கு 540 என்று வந்தால் அந்த 40 எங்கே போனது என்று அங்கேயே கேட்கலாம். போட்டோகிராபர், மேளக்காரர், மண்டப ஊழியர் சாப்பாடு யார் கணக்கு என்பதும் பெரும்பாலும் அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

இதற்கு மாப்பிள்ளையின் அப்பா சரிப்பட மாட்டார். அவர் வாசலில் வரவேற்றுக்கொண்டிருப்பார். பந்திக்குப் பந்தி எண்ணி, சூப்பர்வைசரின் நோட்டில் கையெழுத்துப் போட, சாப்பாட்டு ஹாலை விட்டு நகராத ஒரு சித்தப்பா வேண்டும்.