அறுத்த இழையை ஒட்டவிடாத மருந்து

மலேரியாவுக்கான குளோரோகுயினைத் தயாரிக்கும்போது பக்கத்தில் ஒரு வேண்டாத பொருளும் சேர்ந்து உருவாகும். அமெரிக்காவின் ஸ்டெர்லிங் வின்த்ராப் நிறுவனத்தில் ஜார்ஜ் லெஷரும் அவருடைய குழுவினரும் அதைக் குப்பையில் போடாமல் ஆராய்ந்தார்கள். அது பாக்டீரியாவைக் கொன்றது. அதிலிருந்து 1962இல் நாலிடிக்சிக் அமிலம் பிறந்தது. சிறுநீர்த் தொற்றுக்கு மருத்துவர்கள் அதைக் கொடுத்தார்கள், குணமும் தெரிந்தது. ஆனால் அது பாக்டீரியாவின் எந்த உறுப்பைத் தாக்குகிறது என்பது அடுத்த 15 ஆண்டுகளுக்கு யாருக்கும் பிடிபடவில்லை. இன்று மருந்துக்கடைகளில் விற்கும் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் எல்லாம் அந்த அமிலத்தின் வாரிசுகளே. இந்த வம்சத்துக்குக் குயினோலோன்கள் என்று பெயர்.

விடை ஒரு கணக்கில் ஒளிந்திருந்தது. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் சுமார் 46 லட்சம் படிகள் இருக்கின்றன. ஏறக்குறைய பத்தரைப் படிக்கு ஒருமுறை இரண்டு இழைகளும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்கின்றன. ஆக, மொத்தம் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள். பாக்டீரியா இரண்டாகப் பிரியவேண்டுமானால் அத்தனை சுற்றையும் அவிழ்த்து, இரண்டு இழைகளையும் பிரித்து நகலெடுத்தாக வேண்டும். நகலெடுக்கும் கருவி நொடிக்குச் சுமார் 1,000 படி வேகத்தில் ஓடுகிறது. அப்படியானால் நொடிக்கு நூறு சுற்று அவிழவேண்டும்.

இரண்டு புரியாகத் திரித்த கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துப் புரிகளை வேகமாகப் பிரித்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும். பிரியும் இடத்துக்கு முன்னால் இருக்கும் கயிறு மேலும் மேலும் முறுக்கேறி, தன்மீதே சுருண்டு, கடைசியில் பிரிக்கவே முடியாமல் இறுகிவிடும். கயிற்றின் மறுமுனை சும்மா தொங்கினால் அது சுழன்று முறுக்கை விட்டுவிடும். பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுக்கு முனையே கிடையாது, அது ஒரு வளையம். முறுக்கு வெளியேற வழியில்லை.

இந்த முறுக்கை எடுக்கும் நொதிகளுக்குத்தான் டோபோஐசோமரேஸ் என்று பெயர். முதலாவதை ஜேம்ஸ் வாங் 1971இல் ஈ.கோலையில் கண்டுபிடித்தார். 1976இல் மார்ட்டின் கெல்லர்ட் குழு கைரேஸ் என்ற இன்னொன்றைக் கண்டது.

கைரேஸ் செய்வது கொஞ்சம் துணிச்சலான வேலை. அது டி.என்.ஏ.வைப் பிடித்து இரண்டு இழைகளையுமே அறுக்கிறது. அறுந்த முனைகள் விலகி ஓடிவிட்டால் செல்லின் கதை முடிந்தது. அதனால் நொதி தன் உடலிலுள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலத்தால் ஒவ்வொரு முனையையும் இறுகப் பிணைத்துக்கொள்கிறது. அந்த இடைவெளி வழியாக டி.என்.ஏ.வின் வேறொரு பகுதியைக் கடத்துகிறது. பிறகு முனைகளைப் பழையபடி ஒட்டிவிட்டு விலகுகிறது. ஒரு முறை இப்படிச் செய்தால் இரண்டு சுற்று குறைகிறது. அறுத்ததும் ஒட்டியதும் வெளியே தெரிவதேயில்லை.

அறுத்தலுக்கும் ஒட்டலுக்கும் நடுவிலுள்ள அந்தக் கணத்தில்தான் குயினோலோன் நுழைகிறது. தட்டையான அந்த மூலக்கூறு, அறுந்த இரண்டு இடங்களிலும் ஆப்புபோல் செருகிக்கொள்கிறது. ஒரு மெக்னீசியம் அயனியும் அதைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளும் பாலமாக நின்று மருந்தை நொதியோடு கட்டிவைக்கின்றன. முனைகள் ஒட்டமுடியாமல் அப்படியே நிற்கின்றன. நகலெடுக்கும் கருவி வந்து அந்த இடத்தில் மோதும்போது தற்காலிக வெட்டு நிரந்தர முறிவாகிவிடுகிறது. முறிவுகள் பெருகினால் பாக்டீரியா சாகிறது. நம் செல்களிலும் இதன் உறவுக்கார நொதி உண்டு. ஆனால் அதன் அமைப்பு வேறு என்பதால், வழக்கமான அளவில் மருந்து அதைப் பெரிதாகத் தொடுவதில்லை.

மருந்துச்சீட்டில் எழுதப்படும் ஓர் எச்சரிக்கைக்கும் காரணம் உலோகத்தின்மீது இம்மருந்துக்குள்ள இந்த ஒட்டுதல்தான். வயிற்றெரிச்சலுக்கான அமிலமுறி மருந்துகளில் மெக்னீசியமும் அலுமினியமும் இருக்கின்றன. சிப்ரோஃப்ளாக்சசினை அவற்றோடு விழுங்கினால் மருந்து குடலிலேயே உலோகத்தோடு கட்டுண்டு போகும், ரத்தத்துக்கு வந்து சேராது. இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் அப்படியே. அமிலமுறிக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ இதைச் சாப்பிடச் சொல்வது அதனால்தான்.

பாக்டீரியா தப்பிக்கும் வழியும் அந்தப் பாலத்தில்தான் இருக்கிறது. கைரேஸில் 83ஆம் இடத்தில் உள்ள செரின் என்னும் அமினோ அமிலம் பாலத்தின் ஒரு கால். அந்த ஓரிடம் மட்டும் மாறினால் போதும், மருந்துக்குப் பிடிமானம் தளர்ந்துவிடும். நொதியின் வேலை மட்டும் தடையில்லாமல் நடக்கும். தெற்காசியாவின் டைஃபாய்டு கிருமிகளில் நடந்தது இதுதான். ஒரு காலத்தில் சிப்ரோஃப்ளாக்சசின்தான் டைஃபாய்டுக்கு முதல் தேர்வு. பிறகு ஆய்வுக்கூட அறிக்கை ‘மருந்துக்குக் கட்டுப்படும்’ என்று சொல்லியும் காய்ச்சல் இறங்காத நோயாளிகள் வரத்தொடங்கினார்கள். முதல் மாற்றம் கிருமியைப் பாதி அளவுக்கே கெட்டிப்படுத்தியிருந்தது, பழைய அளவுகோலில் அது தெரியவில்லை. காட்டிக்கொடுத்தது பழைய நாலிடிக்சிக் அமிலம். அதன் வில்லையைக் கிருமி வளரும் தட்டில் வைத்தபோது சுற்றிலும் கிருமி தயங்காமல் வளர்ந்தது. அப்படி வளர்ந்தால் சிப்ரோஃப்ளாக்சசினை நம்பக்கூடாது என்று மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2012இல் அமெரிக்கத் தர அமைப்பு டைஃபாய்டுக்கான அளவுகோலையே பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தது. இந்தியாவில் இப்போது டைஃபாய்டுக்கு அஸித்ரோமைசின், செஃப்ட்ரியாக்சோன் பக்கம்தான் மருத்துவர்கள் போகிறார்கள்.

இதே தந்திரம் புற்றுநோய் சிகிச்சையிலும் உண்டு. அது சீன மரமொன்றின் வழியாக வந்தது. அந்த மரத்திலிருந்து கேம்ப்டோதெசினை மன்றோ வாலும் மன்சுக் வாணியும் 1966இல் பிரித்தெடுத்தார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோத்தபோடைட்டிஸ் மரத்திலும் அது இருக்கிறது, அதற்காகவே அந்த மரங்கள் ஏராளமாக வெட்டப்பட்டன. நோயாளிகளிடம் முதலில் சோதித்தபோது சிறுநீர்ப்பையில் கடும் ரத்தப்போக்கு ஏற்பட்டது. 1970களின் தொடக்கத்தில் மருந்தைக் கைவிட்டார்கள். 1985இல் லெராய் லியூவின் குழு அதன் இலக்கைக் கண்டுபிடித்த பிறகுதான் அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. மனிதச் செல்லில் ஓர் இழையை மட்டும் அறுத்து முறுக்கெடுக்கும் முதல் வகை டோபோஐசோமரேஸ்தான் அந்த இலக்கு.

இதை உறுதிசெய்த சோதனை ஈஸ்டில் நடந்தது. அந்த நொதிக்கான மரபணுவையே நீக்கிவிட்டாலும் ஈஸ்ட் உயிர்வாழும், மற்ற டோபோஐசோமரேஸ்கள் வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. மருந்து வெறுமனே நொதியை முடக்குகிறது என்றால், நொதி இல்லாத ஈஸ்ட்டும் மருந்து பட்ட ஈஸ்ட்டும் ஒரேபோல் பிழைத்திருக்கவேண்டும். ஆனால் நொதி உள்ள ஈஸ்ட் மருந்தால் செத்தது, நொதி இல்லாததை மருந்து தொடவேயில்லை. கொல்வது நொதியின் இல்லாமை அல்ல, டி.என்.ஏ.வில் மாட்டிக்கொண்ட நொதி. அதனாலேயே இந்த நொதி குறைந்துபோன புற்றுச் செல்கள் கேம்ப்டோதெசினின் வாரிசுகளான டோபோடீகனுக்கும் இரினோடீகனுக்கும் அடங்குவதில்லை.

புற்றுச் செல் ஓயாமல் நகலெடுப்பதால் மோதல்களும் அங்கே அதிகம். குடலின் உட்சுவரும் எலும்பு மஜ்ஜையும்கூட வேகமாகப் பெருகுபவைதான். இரினோடீகன் பெறுவோருக்குக் கடும் வயிற்றுப்போக்கு வருவதிலும், ரத்த வெள்ளையணுக்கள் குறைவதிலும் அதற்குப் பங்குண்டு. இரண்டு இழைகளையும் அறுக்கும் இரண்டாம் வகை நொதியை மாட்டிவைக்கும் எட்டோபோசைடில் வேறோர் ஆபத்து இருக்கிறது. முறிந்த முனைகள் சில சமயம் தவறான இணையோடு ஒட்டிக்கொள்ளும். 11ஆம் குரோமோசோமின் ஒரு குறிப்பிட்ட மரபணுவில் அப்படி நேர்ந்தால், முதல் புற்றுநோய் குணமான சில ஆண்டுகளில் ரத்தப்புற்று வரலாம். இது அரிதுதான். ஆனாலும் எட்டோபோசைடு எடுத்தவர்கள், சிகிச்சை முடிந்துவிட்டது என்று ரத்தப் பரிசோதனைகளை விட்டுவிடாமல் மருத்துவர் சொல்லும் காலம்வரை தொடரவேண்டும்.